நான்கு விடையும் தவறா? மிஸ்ஸுக்கு ஆறு வரி போதும்

கேள்வி இதுதான். 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள செவ்வகத் தோட்டத்தைச் சுற்றிலும் 2 மீட்டர் அகலத்தில் நடைபாதை அமைக்கிறார்கள். நடைபாதையின் பரப்பளவு எத்தனை சதுர மீட்டர்? (அ) 74 (ஆ) 124 (இ) 140 (ஈ) 456.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டாள். இரண்டு முறையும் 156 வந்தது. "நாலுமே தப்புப்பா. ஏதாவது ஒண்ண டிக் பண்ணிட்டுத் தூங்கப் போறேன்" என்றாள். மணி ஒன்பதரை.

இந்த இடத்தில் நம்மில் பலர் செய்வது இரண்டில் ஒன்று. கிட்டத்தில் இருப்பதைப் போடச் சொல்லி 140ஐக் காட்டுவோம். இல்லையென்றால் தாளைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் போட்டு, 'இதைக்கூடச் சரியாக அடிக்க மாட்டார்களா' என்று ஆரம்பித்துவைப்போம். முதலாவதில் பிள்ளை தான் சரியாகப் போட்ட கணக்கைத் தானே சந்தேகிக்கப் பழகுகிறது. இரண்டாவதில் முப்பது பெற்றோர் கூடிவிடுவார்கள், ஆனால் கணக்கு மிஸ்ஸுக்குச் சேதி கடைசியாகத்தான் போகும், அதுவும் கோள்மூட்டலாக. டைரியில் ஆறு வரி எழுதி அனுப்புவதுதான் வேலையை முடிக்கும். எழுத ஐந்து நிமிடம் ஆகும். எழுதுவதற்கு முன் தாளோடு உட்கார வேண்டிய பத்து நிமிடம்தான் முக்கியம்.

அந்தப் பத்து நிமிடத்தில் முதலில் நம் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். பாதை தோட்டத்துக்கு வெளியே ஓடுவதாக எடுத்துக்கொண்டால் இருபுறமும் 2 மீட்டர் கூடும். நீளம் 24, அகலம் 19. 24 × 19 = 456. இதிலிருந்து தோட்டத்தின் பரப்பு 20 × 15 = 300ஐக் கழித்தால் 156. மகள் போட்டது சரி.

அடுத்து, அச்சிட்ட ஒவ்வொரு விடையும் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். கொள்குறி வகைக் கேள்வி தயாரிப்பவர்கள் தவறான விடைகளை வாய்க்கு வந்தபடி போடுவதில்லை. பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்று யோசித்து, அந்த வழுக்கலில் வரும் எண்ணையே விடையாக வைப்பார்கள். எனவே தவறான விடைக்கும் ஒரு வழி உண்டு. அந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டால் கேள்வியில் என்ன நடந்திருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

74 எப்படி வந்தது? 2 மீட்டரை ஒரு புறம் மட்டும் கூட்டினால் 22 × 17 = 374. அதில் 300 போனால் 74. பாதை இரண்டு பக்கமும் ஓடுகிறது என்பதை மறக்கும் பிள்ளைக்கு இந்த விடை. 140க்கு வழி இன்னும் அழகானது. நான்கு பக்கத்துக்கும் தனித்தனிப் பட்டை வெட்டினால் 40, 40, 30, 30 என 140 வரும். ஆனால் நான்கு மூலைகள் விட்டுப்போகும். மூலைக்கு 2 × 2 = 4 சதுர மீட்டர், நான்குக்கும் 16. சேர்த்தால் 156. பாதை தோட்டத்துக்கு உள்ளே என்றால் நேர்மாறு. மூலைகள் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கும், 16ஐக் கழித்தால் 124. ஆக, (ஆ) என்பது பாதையை உட்புறமாகப் போட்ட பிள்ளையின் விடை.

மிஞ்சுவது 456. அது வெளிச் செவ்வகத்தின் முழுப் பரப்பு, கழிக்க மறந்த பிள்ளைக்கு வைத்த பொறி என்றும் சொல்லலாம். ஆனால் 74, 124, 140 என்ற மூன்று பொறிகளுக்குப் பக்கத்தில் நான்காவதாக 156 இருந்தால் கேள்வி கச்சிதமாகிறது. கணினி விசைப்பலகையின் வலது ஓரத்தில் இருக்கும் எண்பலகையைப் பாருங்கள், 1க்கு நேர் மேலே 4. விரல் ஒரு வரிசை ஏறியிருந்தால் 156 என்பது 456 ஆகிவிடும். அந்த 456 இந்தக் கணக்கின் நடுவிலேயே வரும் எண் என்பதால், மெய்ப்புப் பார்த்தவர் கண்ணிலும் அது உறுத்தியிருக்காது.

இது ஊகம்தான். கேள்வியில் 'சுற்றிலும்' என்றுதான் இருக்கிறது, 'வெளிப்புறமாக' என்று இல்லை. அந்த இடத்தில் 'உட்புறமாக' என்ற சொல் விட்டுப்போயிருந்தால் (ஆ) 124 சரியான விடையாகிவிடும். ஆகவே நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நாம் படித்தபடி விடை 156. தாளில் ஏதோ ஓர் இடத்தில் பிசகு. எந்த இடம் என்று சொல்லக்கூடியவர் மிஸ் மட்டும்தான்.

வேறு கணக்குகளில் பிசகு வேறு விதமாக வரும். 2³ × 2² என்ற கேள்விக்கு விடைகளில் 25 என்று இருந்தால் பதற வேண்டாம். 2⁵ என்பதைப் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டும்போது மேலே இருந்த 5 கீழே இறங்கி 25 ஆகியிருக்கும். ஆரம் 7 உள்ள வட்டத்தின் பரப்பு உங்கள் செல்போனில் 153.94 என்று வந்து, தாளில் 154 இருந்தால் அது பிழையே இல்லை. பள்ளியில் 22/7 போடச் சொல்லியிருக்கிறார்கள். இவற்றுக்குக் குறிப்பு எழுதினால் மிஸ் சிரிப்பார்.

சிரித்திருக்கிறார்கள். மகள் வேறொரு பள்ளியில் படித்தபோது, 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள அரைவட்டத்தின் சுற்றளவு கேட்டிருந்தார்கள். 22 என்று நான் போட்டேன், தாளில் 22 இல்லை. 'நான்கு விடைகளும் தவறு, கவனித்து அச்சிடவும்' என்று அலுவலக மெமோ மாதிரி எழுதி அனுப்பினேன். மறுநாள் அதே பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: 'விட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள் சார்.' 22 + 14 = 36. அது (அ)வாகவே உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து என் குறிப்புகளில் 'தவறு' என்ற சொல் வருவதில்லை.

இப்போது குறிப்புக்கு வருவோம். நான் எழுதியது இது:

*மதிப்பிற்குரிய கணித ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.*
*அளவைகள் பயிற்சித்தாள், 6ஆம் கேள்வி (தோட்டமும் நடைபாதையும்).*
*பாதை வெளிப்புறம் என்று எடுத்தால் (24 × 19) − (20 × 15) = 156 வருகிறது; அது விடைகளில் இல்லை. உட்புறம் என்று எடுத்தால் (ஆ) 124 வருகிறது.*
*கேள்வி உட்புறத்தைக் குறிக்கிறதா, அல்லது (ஈ) 156 என்று இருக்க வேண்டுமா?*
*மகள் செய்முறையை எழுதி, விடையைக் குறிக்காமல் வைத்திருக்கிறாள். நாங்கள் எதையாவது கவனிக்காமல் விட்டிருந்தால் சொல்லுங்கள்.*
*நன்றி. (7 ஆ, வரிசை எண் 23)*

இதில் எது எதற்காக என்று சொல்லிவிடுகிறேன். தாளின் தலைப்பும் கேள்வி எண்ணும் முதலிலேயே வர வேண்டும். ஒரு பிரிவில் நாற்பது பிள்ளைகள், ஒரு மிஸ்ஸுக்கு மூன்று பிரிவு என்று வைத்துக்கொண்டாலே நூற்று இருபது தாள். இடைவேளையில் நின்றுகொண்டே படிப்பவருக்கு 'நேற்றுக் கொடுத்த அந்தக் கணக்கு' என்றால் எது என்று தெரியாது. செய்முறை ஒரே வரிதான், ஆனால் அது கட்டாயம் வேண்டும். அதைப் பார்த்ததுமே பெற்றோர் போட்டுப் பார்த்திருக்கிறார் என்பது புரிந்துவிடும், அவர் மறுபடி ஆரம்பத்திலிருந்து போட வேண்டியதில்லை. கேள்வியை 'உட்புறமா, 156ஆ' என்று வைத்ததால் அவர் ஒரே சொல்லில் பதில் எழுதலாம். 'இதற்கு என்ன செய்வது?' என்று முடித்திருந்தால் அவர் ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும், அதற்கு நேரம் இல்லாமல் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிவிடுவார்.

பயிற்சித்தாளை அந்த மிஸ்தான் தயாரித்தார் என்றும் எண்ணிவிடக் கூடாது. பல பள்ளிகளில் அது பழைய தாளின் நகலாகவோ, வெளியே வாங்கிய தொகுப்பாகவோ இருக்கும். விடைக்குறிப்பும் கூடவே வரும். விடைக்குறிப்பில் (ஈ) என்று மட்டும் இருந்தால், திருத்தும்போது 456ஐ டிக் செய்த பிள்ளைக்கு மதிப்பெண் விழும், 156 என்று எழுதிய பிள்ளைக்குக் குறுக்குக் கோடு விழும். குறிப்பு தாளோடு சேர்ந்தே போக வேண்டும், திருத்தி வந்த பிறகு போனால் அது மதிப்பெண் சண்டையாகிவிடும்.

பிள்ளை விடையைக் குறிக்காமல் விட்டது வீட்டுப்பாடம் என்பதால்தான். தேர்வு அறையில் இதைச் செய்யக் கூடாது. அங்கே அறைக் கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டு, தாளில் செய்முறையையும் 156ஐயும் எழுதி வைக்க வேண்டும். வெறுமனே விட்ட கேள்விக்குப் பின்னால் யாரும் மதிப்பெண் தேடித் தர முடியாது.

பெரிய தேர்வுகளிலும் இது நடந்திருக்கிறது. 1982ஆம் ஆண்டு அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வில், ஒரு சிறிய வட்டம் தன்னைப் போல் மூன்று மடங்கு ஆரமுள்ள பெரிய வட்டத்தைச் சுற்றி உருண்டு, புறப்பட்ட இடத்துக்கு வரும்போது எத்தனை முறை சுழன்றிருக்கும் என்று கேட்டார்கள். விடைகளாகக் கொடுத்தவை 3/2, 3, 6, 9/2, 9. தயாரித்தவர்கள் நினைத்த விடை 3. சரியான விடையோ 4, அது தாளிலேயே இல்லை. மூன்று மாணவர்கள் அதற்கான காரணத்தோடு எழுதிக் காட்டினார்கள். கேள்வியை நீக்கி மதிப்பெண்களை மறுபடி கணக்கிட்டார்கள். நம்ப முடியாவிட்டால் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து, ஒன்றை அசையாமல் பிடித்து, மற்றதை அதன் விளிம்பில் உருட்டிப் பாருங்கள். ஒரு முறை சுழலும் என்றுதான் தோன்றும், ஆனால் இரண்டு முறை சுழலும்.

எங்கள் டைரி மறுநாள் மாலை திரும்பி வந்தது. '156 சரி. (ஈ)யில் அச்சுப்பிழை, வகுப்பில் திருத்தியாயிற்று. வெளிப்புறமாக என்றும் சேர்த்துக்கொள்ளவும்.' கீழே கையெழுத்து.

குறிப்பைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்தனுப்பாதீர்கள். அது புத்தகப் பையின் அடியில் டிபன் பாக்ஸுக்குக் கீழே கசங்கிக் கிடக்கும். டைரியில் அன்றைய தேதிப் பக்கத்திலேயே எழுதி, பயிற்சித்தாளை அந்தப் பக்கத்தில் செருகி அனுப்புங்கள்.