விளக்கைக் கழற்றிப் பெட்டி கட்டிய பிறகு விற்பனைக்குப் போடுங்கள்

கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் வீதியில் பிலிமத்தலாவையைத் தாண்டும்போது இரு பக்கமும் பித்தளைக் கடைகள் மின்னும். அங்கே ஒரு பட்டறையில் பன்னிரண்டு அங்குலக் குத்துவிளக்கை எடுத்து டராஸில் விற்க நினைக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு இந்த வேலையைப் பார்ப்போம். பொருள் தரமானது, கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கிறது, ஆண்டு முழுவதும் திருமணம், கடைத்திறப்பு, வீடு குடிபுகல் என்று ஆட்கள் தேடுகிறார்கள். ஆனாலும் புதிதாகத் தொடங்கும் பலர் முதல் மாதத்திலேயே சலித்துவிடுகிறார்கள். கணக்கைத் திறந்து, பொருளைப் பதிவேற்றி, ஓடர் வந்த பிறகுதான் பெட்டி தேடுகிறார்கள். பெட்டியைக் கட்டிப் பார்த்த பிறகே பொருளைப் பதிவேற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் கணக்கு. டராஸ் 2016இல் கேமு தளத்தை வாங்கி இலங்கைக்கு வந்தது. 2018இல் அலிபாபா டராஸையே வாங்கிக்கொண்டது. அதன் விற்பனையாளர் பகுதிக்கு `Seller Center` என்று பெயர். தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தால் ஓடிபி வரும், உள்ளே போய்விடலாம். அதற்குப் பிறகு முகவரி, அடையாள அட்டை, வங்கி விபரம் ஆகிய மூன்றும் சரிபார்க்கப்பட வேண்டும். நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில்.

2017இல் வந்த ஸ்மார்ட் அடையாள அட்டையில் பெயர் மூன்று மொழியிலும் இருக்கும். அதற்கு முந்திய லமினேட் அட்டையில் ஆங்கிலப் பெயர் கிடையாது. வங்கிப் புத்தகத்திலோ பெயர் ஆங்கிலத்தில், அதுவும் தகப்பன் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி இருக்கும். அட்டையில் முருகையா செல்வராணி, புத்தகத்தில் எம். செல்வராணி, பதிவுப் படிவத்தில் செல்வி முருகையா என்று மூன்று இடத்தில் மூன்று பெயர் இருந்தால் சரிபார்ப்பவருக்கு அது ஒரே ஆள் என்று தெரிய வழியில்லை. பழைய அட்டை வைத்திருப்பவர்கள் முதலில் வங்கிப் புத்தகத்தைத் திறந்து, அதில் உள்ள ஆங்கில எழுத்துக்களை அப்படியே படிவத்தில் இடுங்கள். தகப்பன் பெயர் முன்னால் இருந்தால் முன்னால், ஓர் எழுத்து கூடியிருந்தால் அதுவும் கூடித்தான். பெயர் முற்றிலும் வேறாக இருந்தால் வங்கியில் திருத்திக்கொண்டு வாருங்கள். கணவருடைய கணக்கு இலக்கம், தம்பியுடைய கணக்கு இலக்கம் எல்லாம் இங்கே வேலைக்கு ஆகாது.

அட்டையைப் படமெடுப்பதில் ஒரு சின்ன விடயம். லமினேட் மீது பிளாஷ் பட்டால் இலக்கம் வெள்ளைப் புள்ளியாகிவிடும். பிளாஷை அணைத்து, பகல் வெளிச்சத்தில், நாலு மூலையும் தெரிய, மூல அட்டையையே எடுங்கள். போட்டோ பிரதியை அல்ல. வங்கிக் கிளையைத் தெரிவுசெய்யும்போது கண்டி என்று கண்டதும் அழுத்திவிட வேண்டாம். ஒரே வங்கிக்கு நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் பல கிளைகள் உண்டு. கணக்கு எந்தக் கிளையில் திறக்கப்பட்டது என்று புத்தகத்தின் முதல் பக்கம் சொல்லும். வங்கிக்கு நாலு இலக்கக் குறியீடு, கிளைக்கு மூன்று இலக்கக் குறியீடு. பணம் போய்ச் சேருவதும் திரும்பி வருவதும் இந்த ஏழு இலக்கத்தில் தங்கியிருக்கிறது.

தொடக்கத்தில் தனிநபர் கணக்கு போதும். கடைப் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு வியாபாரப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். பிலிமத்தலாவைக்காரருக்கு அது யட்டிநுவர பிரதேச செயலகம். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு போக வேண்டும். கணக்கு சரிபார்ப்பில் இருக்கும் நாட்களில் யாராவது தொலைபேசியில் அழைத்து, உங்கள் கடையைத் திறந்துவிடுகிறோம், வந்த ஓடிபியைச் சொல்லுங்கள் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இப்போது விளக்குக்கு வருவோம். பதிவேற்றும் படிவத்தில் `Package Weight (kg)` என்றொரு கட்டமும் நீளம், அகலம், உயரத்துக்கு மூன்று கட்டமும் இருக்கும். அநேகர் பட்டறைக்காரர் சொன்ன விளக்கின் நிறையை அங்கே போடுகிறார்கள். கேட்கப்படுவது கட்டிய பெட்டியின் நிறை. அதைவிட முக்கியமானது பெட்டியின் பருமன். கூரியர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5000ஆல் வகுத்து, ஒரு பருமன் நிறையைக் கணக்கிடுவார்கள். தராசு காட்டும் நிறை, பருமன் நிறை இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் கட்டணம்.

நம் விளக்கு முப்பது சென்டிமீட்டர் உயரம், 1.3 கிலோ. அதை நிற்க வைத்து, சுற்றிலும் பஞ்சு அடைத்தால் 36க்கு 18க்கு 18 என்ற பெட்டி வேண்டும். பெருக்கினால் 11,664; வகுத்தால் 2.33 கிலோ. முழுக் கிலோவாக மேலே கொண்டுபோனால் மூன்று கிலோக் கட்டணம். தராசிலோ பெட்டியோடு சேர்த்தும் 1.6தான். வாங்குபவர் காற்றுக்குக் காசு கட்டுகிறார். அல்லது விநியோகக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு வாங்காமலே போகிறார்.

குத்துவிளக்கோ திருகிக் கழற்றக்கூடிய பொருள். அடிப்பீடம், தண்டு, தட்டு, உச்சி என்று பிரித்தால் 22க்கு 18க்கு 14 பெட்டியில் அடங்கிவிடும். பெருக்கினால் 5,544, வகுத்தால் 1.11. இப்போது தராசு நிறையான 1.6 கிலோதான் பெரியது, கட்டணம் இரண்டு கிலோவுக்கு. இன்னொரு நன்மையும் உண்டு. நிமிர்ந்து போகும் விளக்கில் முதலில் வளைவது உச்சிதான். கழற்றி வைத்தால் அது தப்பிவிடும். ஆனால் பித்தளையோடு பித்தளை உரசினால் கீறல் விழும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே வெள்ளைத் தாளில் சுற்றி, அதன்மேல் குமிழ்த் தாள் போடுங்கள். பத்திரிகைத் தாளில் சுற்றினால் மை ஒட்டிக்கொள்ளும். கண்டி மழைக்காலத்தில் விரல் அடையாளம்கூட இரண்டு வாரத்தில் கறையாகித் தெரியும் என்பதால் சுற்றுமுன் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

நிறையைக் குறைத்துப் போட்டுத் தப்பலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. கூரியர் நிலையத்தில் மீண்டும் நிறுப்பார்கள். வித்தியாசம் விற்பனையாளர் தலையில் விழும். கைவேலை என்பதால் ஒரு விளக்குக்கும் அடுத்ததற்கும் ஐம்பது, நூறு கிராம் வேறுபடலாம். நாலைந்தை நிறுத்துப் பார்த்து, கூடியதைப் போடுங்கள்.

படம் எடுப்பதில் பித்தளை ஒரு சண்டித்தனமான பொருள். எதிரில் உள்ள எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்கும்: கைபேசி, விரல், சிவப்புச் சட்டை, பின்னால் தொங்கும் கலண்டர். ஜன்னலோரம் ஒரு வெள்ளை அட்டையை வளைத்து வைத்து அதன்மேல் விளக்கை நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் வெள்ளை அட்டை வைத்தால் பிரதிபலிப்பில் வெண்மைதான் தெரியும். கைபேசியைக் கிட்டக் கொண்டுபோகாமல் இரண்டு மூன்று அடி தள்ளி நின்று சூம் செய்யுங்கள். கிட்ட எடுத்தால் தண்டு பருத்து, அடி சிறுத்து விளக்கின் உருவமே மாறிவிடும். கண்டியில் அடிக்கடி வரும் மந்தாரமான காலை இதற்கு வாய்ப்பானது. நிழல் மென்மையாக விழும், பிளாஷ் தேவைப்படாது.

எட்டுப் படம் வரை போடலாம். முதல் படம் வெள்ளைப் பின்னணியில் விளக்கு மட்டும், சதுரமாக, ஆயிரம் பிக்சலுக்குக் குறையாமல். பூ, குங்குமம், தொலைபேசி இலக்கம், கடைப் பெயர் எதுவும் அதில் வேண்டாம். தர பரிசோதனையில் திருப்பிவிடுவார்கள். பூசை அறை அலங்காரத்தைப் பின்னால் வரும் படங்களில் காட்டிக்கொள்ளலாம். இரண்டாவது படம் உச்சியின் அண்மைக் காட்சியாக இருக்கட்டும். சிங்கள வீடுகளில் பெரும்பாலும் சேவல் உச்சியைக் கேட்பார்கள், நம் வீடுகளில் அன்னமோ வெறும் கூர்முனையோ. படத்தில் சேவல், பெட்டியில் அன்னம் என்றால் விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் திரும்பி வரும். மூன்றாவது படத்தில் பக்கத்தில் அளவுகோல். நாலாவதில் கழற்றிய துண்டுகள் வரிசையாக, பூட்டும் ஒழுங்கில். துண்டு துண்டாக வந்த விளக்கைப் பார்த்து உடைந்துவிட்டது என்று முறைப்பாடு செய்பவர் உண்டு. இந்தப் படம் அதைத் தடுக்கும். இந்திய மொத்த வியாபாரியின் படத்தை எடுத்துப் போட ஆசை வரும். அந்த மினுமினுப்பு உங்கள் விளக்கில் இல்லாவிட்டால் வரப்போவது ஒற்றை நட்சத்திரம்.

தலைப்பை ஆட்கள் தேடும் வரிசையில் எழுதுங்கள்:

```
Brass Oil Lamp 12 Inch - Annam (Swan) Top
```

விபரத்தில் குத்துவிளக்கு என்றும் `Pahana` என்றும் சேர்த்தால் இரு மொழிக்காரரும் கண்டுபிடிப்பார்கள். பித்தளை காலப்போக்கில் மங்கும், புளி போட்டுத் துலக்கலாம் என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள். பரிசோதனையில் நிராகரித்தால் காரணம் திரையில் இருக்கும். அதைத் திருத்தி அதே பதிவை மீண்டும் அனுப்ப வேண்டும்; கோபத்தில் புதிய பதிவு போட்டால் ஒரே பொருளை இருமுறை போட்ட குற்றமும் சேரும்.

அனுப்பும் ஏற்பாட்டில் எடுக்கும் முகவரிதான் அடித்தளம். மலைப்பக்கத்து வீடுகளுக்கு வேன் ஏறாது. அப்படியானால் வாகனம் வரக்கூடிய கடையையோ உறவினர் வீட்டையோ முகவரியாகக் கொடுங்கள், இல்லையேல் நீங்களே கொண்டுபோய் ஒப்படைக்கும் முறையைத் தெரிவுசெய்யுங்கள். பெட்டி கட்டி முடியாமல் `Ready to Ship` பொத்தானைத் தொடக் கூடாது. அதை அழுத்திய பின் நேரம் உங்கள் கையில் இல்லை. கையிருப்பு மூன்று விளக்கு என்றால் மூன்று என்றே போடுங்கள். பட்டறையில் எப்போதும் கிடைக்கும் என்று இருபது போட்டு, பிறகு இல்லை என்று ரத்துச் செய்வது புதிய கடைக்கு ஆகாது.

கண்டிக்காரருக்கென்று இன்னொரு அமைப்பு இருக்கிறது: `Holiday Mode`. எசல பெரஹெரா நாட்களில் பிற்பகலிலிருந்தே நகர வீதிகள் மூடப்படும். நகருக்குள் இருப்பவர்கள் அந்த நாட்களை முன்கூட்டியே குறித்துக் கடையை மூடி வையுங்கள். 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மண் சரிந்தபோது கொழும்பு வீதியே மூடப்பட்டது. மழை எச்சரிக்கை வந்தவுடன் இந்தப் பொத்தானை அழுத்தினால் புதிய ஓடர் வராது. தாமதக் கணக்கும் ஏறாது. ஏற்கெனவே வந்த ஓடர்களுக்கு அது உதவாது, அவற்றை அனுப்பியே ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று. பெட்டி கட்டியது சரியா என்று பார்க்க, கண்டி ரயில் நிலையத்துக்கு முன்னால் உள்ள பிரதான தபாலகத்திலிருந்து ஒரு விளக்கை வத்தளையிலோ வவுனியாவிலோ இருக்கும் உறவினருக்குப் பார்சலாக அனுப்பி, பிரித்ததைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதே உறவினரை டராஸில் ஓடர் போட வைத்து நட்சத்திரம் வாங்க வேண்டாம். அது போலி ஓடர். பிடிபட்டால் இவ்வளவு பாடுபட்டுச் சரிபார்த்த கணக்கை முடக்கிவிடுவார்கள்.