தொண்டு நிறுவனத்துக்கு பி.எஃப். உண்டு, போனஸ் கட்டாயமில்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளிடம் சி.எஸ்.ஆர். நிதி கேட்கும் சிறு தொண்டு நிறுவனங்களில் சில, ஆலையின் சம்பளப் பட்டியலைப் பார்த்தே தங்கள் பணியாளர் செலவையும் எழுதிவிடுகின்றன. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் வேலை செய்யும் ஒடிசா தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் அமைப்பு ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அதில் 22 பேர் வேலை பார்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அடிப்படைச் சம்பளம் 10,000 ரூபாய், எல்லாருக்கும் பொதுவான சிறப்புப் படி 2,000, வீட்டு வாடகைப் படி 3,000. ஆக மாதம் 15,000.

நம்பிக்கை: சேவை அமைப்புக்கு பி.எஃப். பொருந்தாது.

உண்மை: லாபம் பார்க்கிறோமா என்பதை வைத்து இங்கே விலக்கு கிடைப்பதில்லை. 20 பேர் வேலை பார்த்தால் பி.எஃப். கட்டியாக வேண்டும். சம்பளத்தை ‘மதிப்பூதியம்’ என்று எழுதினாலும் தப்ப முடியாது.

நம்பிக்கை: அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கணக்கிட்டால் போதும்.

உண்மை: எல்லாருக்கும் ஒரேபோல் தரும் சிறப்புப் படியையும் சேர்க்க வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டு வாடகைப் படி இதில் சேராது. எனவே 12,000 ரூபாய்க்குத்தான் கணக்கு. நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம், அதாவது 1,440. காப்பீட்டுக்கு அரை சதவீதம், நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம் என இன்னும் 120. மொத்தம் 1,560. ஆகவே ஒருவருக்கான மாதச் செலவு 16,560; ஆண்டுக்கு 1,98,720. சிறப்புப் படியை விட்டுவிட்டால் ஆளுக்கு மாதம் 260 ரூபாய் குறையும். 22 பேருக்கு ஓராண்டில் அது 68,640. திட்டம் முடிந்தபின் இந்தப் பாக்கி வட்டியோடு வரும்போது, நிதி தந்தவரிடம் போய்க் கேட்க முடியாது.

நம்பிக்கை: ஊழியரின் 12 சதவீதத்தையும் செலவில் கூட்ட வேண்டும்.

உண்மை: அது 15,000-க்குள்ளிருந்தே பிடிக்கப்படுகிறது. மறுபடி கூட்டினால் ஒரே தொகை இரண்டு முறை பட்ஜெட்டில் ஏறிவிடும்.

நம்பிக்கை: 8.33 சதவீத போனஸ் கட்டாயம்.

உண்மை: லாப நோக்கமற்ற சமூக நல அமைப்புகளுக்கு 1965 போனஸ் சட்டமே விலக்கு தந்தது; 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த விலக்கு தொடர்கிறது. தீபாவளிக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால், ‘கருணைத் தொகை’ என்று தனி வரியில் காட்டி முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடலாம். ஓய்வூதியத் திட்டத்துக்குப் போவதும் 8.33 சதவீதம்தான் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ஓய்வூதியப் பங்கு நிறுவனத்தின் 12 சதவீதத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

நம்பிக்கை: சி.எஸ்.ஆர். நிதியில் சம்பளத்துக்கு 5 சதவீதம்தான்.

உண்மை: அந்த வரம்பு நிதி தரும் கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கு உரியது. வகுப்பெடுக்கும் ஆசிரியரின் சம்பளம் திட்டச் செலவு. அதனால் அவரை ‘நிர்வாகம்’ என்ற தலைப்பில் போடாமல், எந்தச் சூளையில் எத்தனை மணி நேரம் வகுப்பெடுக்கிறார் என்ற விவரத்தோடு திட்டப் பணியாளர் வரியில் எழுத வேண்டும்.