‘எஸ்டேட் ஹவுஸ்’ என்றால் யாருக்கு என்ன அர்த்தம்?
குறை சொல்லும் விமர்சனத்துக்குப் பதில் எழுதுவதும் விளம்பர வாசகத்தைத் திருத்துவதும்

இணையத்தில் அறை வாடகைக்கு விடும் வீட்டுக்கோ, பலகாரம் விற்கும் வீட்டுக்கோ குறை சொல்லும் விமர்சனம் ஒருநாள் வரத்தான் செய்யும். அன்று இரண்டு வேலை இருக்கிறது. முதலாவது, எல்லாரும் பார்க்கும்படி ஒரு பதில் எழுதுவது. இரண்டாவது, அந்தக் குறைக்குக் காரணமான விளம்பர வாசகத்தைத் திருத்துவது. நம்மில் பலர் முதல் வேலையோடு நிறுத்திக்கொள்கிறோம். அதனால் அடுத்த மாதமும் அதே குறை வருகிறது. இந்தப் பாடத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் விஷயத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு வேலையையும் படிப்படியாகப் பார்ப்போம்.

நடந்தது என்ன?

அக்காவின் வீடு சுங்கை சிப்புட் பக்கம், முன்பு பால்மரத் தோட்டமாக இருந்த இடத்தில் இருக்கிறது. தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டபோது அவருடைய மாமனார் சிறு நிலம் வாங்கி, பழைய லயத்தின் இரண்டு வீடுகளை ஒன்றாக்கிக் கட்டியது. பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டு அறை. அதை ஏர்பிஎன்பியில் ஓர் இரவுக்கு 120 ரிங்கிட் என்று போட்டிருந்தார். மகளின் கல்லூரிச் செலவு அதில்தான் ஓடியது.

விளம்பரத்தின் தலைப்பு, “எஸ்டேட் ஹவுஸ், ரப்பர் தோட்டக் காட்சி, ஈப்போவிலிருந்து 15 நிமிடம்”. கீழே, “அமைதியான இடம்”. கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஓர் இரவு தங்கிவிட்டு, ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்துப் போனது. அவர்கள் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது:

“எஸ்டேட் ஹவுஸ் என்றதால் பழைய துரை பங்களா என்று நினைத்து வந்தோம். வந்து பார்த்தால் சிறிய லயத்து வீடு. ரப்பர் மரங்களைக் காணோம், சுற்றிலும் செம்பனை. ஈப்போவிலிருந்து 45 நிமிடம் ஆனது. வெள்ளிக்கிழமை கோயில் ஒலிபெருக்கி. வீடு சுத்தமாக இருந்தது, அந்த அம்மா அன்பாக நடந்துகொண்டார்.”

“நான் என்ன பொய்யா எழுதிட்டேன் தம்பி? வீடு எஸ்டேட்டுலதானே இருக்கு?” என்று அக்கா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு எஸ்டேட் வீடு என்றால் லயம்தான். துரை பங்களாவை அவர்கள் பங்களா என்றுதான் சொல்வார்கள். நகரத்தில் இருப்பவருக்கோ எஸ்டேட் ஹவுஸ் என்றதும் பெரிய வராந்தாவும் புல்வெளியும்தான் கண்ணில் வரும். வார்த்தை ஒன்று, படம் இரண்டு. இதில் பொய் சொன்னவர் யாரும் இல்லை. ஆனால் காசு கொடுத்தவர் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை.

படி 1: நட்சத்திரம் எங்கே குறைந்தது?

கோபம் தணியும்வரை பதில் எழுத வேண்டாம். முதலில் மதிப்பெண்ணைப் பிரித்துப் பாருங்கள். ஏர்பிஎன்பியில் மொத்த மதிப்பெண் தவிர, தூய்மை, துல்லியம், வருகை ஏற்பாடு, தொடர்பு, இடம், விலைக்கேற்ற மதிப்பு என்று தனித்தனியாகவும் நட்சத்திரம் இருக்கும். அக்காவுக்குத் தூய்மையில் ஐந்து, தொடர்பில் ஐந்து. துல்லியத்தில் இரண்டு, இடத்தில் இரண்டு.

இதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. தூய்மையில் குறைந்திருந்தால் வீட்டைச் சரி செய்ய வேண்டும். துல்லியத்தில் குறைந்தால் எழுத்தைச் சரி செய்ய வேண்டும். அக்காவோ விமர்சனத்தைப் பார்த்ததும் புதுக் கட்டில் வாங்கக் கிளம்பிவிட்டார். கட்டிலைப் பற்றி யாருமே குறை சொல்லவில்லை!

படி 2: வார்த்தையையும் உண்மையையும் பக்கத்தில் வையுங்கள்

ஒரு தாளை எடுத்து, ஒரு பக்கம் நாம் விளம்பரத்தில் எழுதியது, மறுபக்கம் விருந்தினர் கண்டது என்று எழுதுங்கள். அக்காவின் தாள் இப்படி இருந்தது.

“எஸ்டேட் ஹவுஸ்” – கண்டது லயத்து வீடு.
“ரப்பர் தோட்டக் காட்சி” – கண்டது செம்பனை. பால்மரம் பின்பக்கம் நான்குதான் நிற்கிறது. விளம்பரத்தில் போட்டிருந்த பால் கோப்பைப் படம் எப்போதோ எடுத்தது.
“15 நிமிடம்” – ஆனது 45 நிமிடம். அக்கா கணக்கிட்டது சிம்மோரிலிருந்து. விருந்தினர் நினைத்தது ஈப்போ ரயில் நிலையத்திலிருந்து.
“அமைதியான இடம்” – கேட்டது மாரியம்மன் கோயில் வெள்ளிக்கிழமைப் பூஜை.

கடைசி வரியில் மட்டும் கவனம் வேண்டும். கோயில் சத்தம் ஒரு தவறு கிடையாது, அதற்கு மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. அதைச் சொல்லாமல் “அமைதி” என்று மட்டும் எழுதியதுதான் பிரச்சினை. இருப்பதை மறைக்கவும் வேண்டாம், அதற்காகக் குனியவும் வேண்டாம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

படி 3: பொதுவில் பதில்

ஏர்பிஎன்பியில் விமர்சனம் வந்த 30 நாளுக்குள் பதில் எழுத வேண்டும். அந்தப் பதில் விமர்சனத்துக்குக் கீழேயே எல்லாருக்கும் தெரியும். கூகுள் வரைபடப் பக்கத்திலும் உரிமையாளர் பதில் எழுதலாம், பின்னர் திருத்தவும் செய்யலாம். விமர்சனத்தை நீக்கச் சொல்லிக் கேட்டால் நடக்குமா? அவதூறு, மிரட்டல், போலி விமர்சனம் போன்று விதியை மீறினால்தான் கேட்க வழி உண்டு. நமக்குப் பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது.

அக்கா முதலில் கைப்பேசியில் தட்டி வைத்திருந்தது இது: “நீங்கள் சரியாகப் படிக்கவில்லை. 120 வெள்ளிக்குப் பங்களாவா கிடைக்கும்? மற்ற எல்லாரும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.” இதை அந்தக் குடும்பம் மட்டும் படிப்பதாக இருந்தால் ஒரு சண்டையோடு போய்விடும். ஆனால் படிக்கப்போவது அடுத்து அறை எடுக்க யோசித்துக்கொண்டிருப்பவர். “நாளைக்கு எனக்கு ஒரு குறை இருந்தால் இந்த அம்மா என்னையும் இப்படித்தான் பேசுவாரா?” என்றுதான் அவர் நினைப்பார்.

நாங்கள் உட்கார்ந்து மாற்றி எழுதியது:

“தங்கியதற்கும் விவரமாக எழுதியதற்கும் நன்றி. எங்கள் வீடு பழைய தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு, மேலாளர் பங்களா அல்ல. எங்கள் தலைப்பு அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. சுற்றி இருப்பது இப்போது செம்பனை. ஈப்போ ரயில் நிலையத்திலிருந்து 45 நிமிடம் ஆகும் என்பதும் சரியே. பக்கத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமை பூஜை உண்டு. இவை நான்கையும் இன்று விளம்பரத்தில் திருத்தியுள்ளோம்.”

இதில் இருப்பவற்றைக் கவனியுங்கள். அவர் சொன்ன குறை ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிப் பதில் இருக்கிறது. சாக்குப்போக்கு இல்லை. “சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று யாருக்கும் எதற்கும் பொருந்துகிற வரியும் இல்லை. இல்லாதவற்றையும் கவனியுங்கள். விருந்தினரின் பெயர், எண், எத்தனை பேர் வந்தார்கள் போன்ற சொந்த விவரம் எதுவும் இல்லை. பணம் திருப்பித் தருவதாகவும் இல்லை. தர வேண்டியிருந்தால் அதைத் தனிச் செய்தியில் பேச வேண்டும். அப்போதும் “விமர்சனத்தை மாற்றினால் தருகிறேன்” என்று சொல்லக் கூடாது. அது விதிக்கே எதிரானது.

“இன்று திருத்தியுள்ளோம்” என்று எழுதினால், திருத்திய பிறகே பதிலை வெளியிட வேண்டும். பதிலைப் படித்தவர் உடனே மேலே போய்த் தலைப்பைப் பார்ப்பார். பழைய தலைப்பே அங்கே இருந்தால் பதிலும் பொய்யாகிவிடும். ஆகவே பதிலை எழுதி வைத்துக்கொண்டு, வாசகத்தை மாற்றிவிட்டு, அதன் பிறகு அனுப்புங்கள்.

படி 4: வாசகத்தைத் திருத்துதல்

பலர் செய்வது, தலைப்பை அப்படியே விட்டுவிட்டு, விவரத்தின் கடைசியில் ஒரு வரி சேர்ப்பது. அது பயன்படாது. நீண்ட விவரத்தின் முதல் சில வரிகள்தான் திரையில் தெரியும், மீதியைத் தட்டித் திறந்தால்தான் படிக்க முடியும். தவறான படத்தை உண்டாக்கிய வார்த்தை எந்த இடத்தில் இருந்ததோ, அதே இடத்தில்தான் திருத்தம் வர வேண்டும்.

புதிய தலைப்பு: “பழைய தோட்ட லயத்து வீடு, 2 அறை, சுங்கை சிப்புட்”. முதல் வரிகள்: “தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த பலகை வீடு. சுற்றிலும் செம்பனை, பின்பக்கம் நான்கு பழைய பால்மரங்கள். ஈப்போ ரயில் நிலையத்திலிருந்து காரில் சுமார் 45 நிமிடம். வெள்ளிக்கிழமை மாலை பக்கத்து மாரியம்மன் கோயிலில் பூஜை, ஒலிபெருக்கி கேட்கும், விரும்பினால் கலந்துகொள்ளலாம்.”

நேரத்தைச் சொல்லும்போது எங்கிருந்து என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கூகுள் வரைபடத்தில் புறப்படும் நேரத்தைத் தேர்ந்தெடுத்து, சனிக்கிழமை மதியம் எவ்வளவு ஆகிறது என்று பார்த்து எழுதினோம். பால் கோப்பைப் படத்தை எடுத்துவிட்டு, வீட்டின் முன்பக்கத்தை அப்படியே காட்டும் படத்தை முதலில் வைத்தோம். முகநூலிலும் கூகுள் பக்கத்திலும் இருந்த பழைய வாசகத்தையும் மாற்றினோம்.

அதற்காக “சாதாரண வீடு, வசதி குறைவு” என்று நம்மை நாமே இறக்கி எழுத வேண்டியதில்லை. “லயம்” என்ற சொல்லை அக்கா முதலில் போட மறுத்தார். “லயம்னு போட்டா யாரு வருவா?” என்றார். லயத்தைத் தேடியே வருபவர்கள் இருக்கிறார்கள். தாத்தா பாட்டி பால் வெட்டிய இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைக்கும் நம் குடும்பங்கள் அவை. “எஸ்டேட் ஹவுஸ்” என்ற தலைப்பு அவர்களுக்கும் எதையும் சொல்லவில்லை.

இதில் சட்டமும் இருக்கிறது. நம் நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளையோ சேவையையோ பற்றித் தவறான எண்ணம் தரும் விவரம் கொடுப்பதைத் தடை செய்கிறது.

படி 5: முன்பே பதிவு செய்தவர்கள்

இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். பழைய வாசகத்தைப் பார்த்துப் பதிவு செய்தவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. அக்காவுக்கு அப்படி மூன்று பதிவுகள் இருந்தன. மூவருக்கும் புதிய விவரத்தை அனுப்பி, “வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்” என்று எழுதச் சொன்னேன். ஒருவர் விலகினார். அந்த 120 ரிங்கிட் போனதில் அக்காவுக்கு வருத்தம்தான். ஆனால் ஏமாந்து வந்து இன்னொரு இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தால் இழப்பு அதைவிடப் பெரிதாகியிருக்கும்.

சரியானதை எப்படி அறிவது?

மொத்த நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள், அது மெதுவாகத்தான் நகரும். அடுத்து வருபவர்கள் துல்லியத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணைப் பாருங்கள். பதிவு செய்யுமுன் என்ன கேட்கிறார்கள் என்றும் பாருங்கள். முன்பு அக்காவிடம் “பங்களாவில் எத்தனை அறை?” என்று கேட்டார்கள். இப்போது “பூஜை எத்தனை மணிக்கு?” என்று கேட்கிறார்கள். வாசகம் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பதிவுகள் கொஞ்ச காலம் குறையலாம். பங்களா தேடியவர்கள் இனி வரமாட்டார்கள் அல்லவா? அந்த இரண்டு நட்சத்திர விமர்சனமும் அங்கேயேதான் இருக்கும். ஆனால் அதன் கீழே அக்காவின் பதிலும், மேலே திருந்திய தலைப்பும் இருக்கின்றன.

கலந்துரையாட

1. உங்கள் வீட்டிலோ உறவிலோ யாராவது இணையத்தில் விற்கிறார்களா? அவர்களின் தலைப்பில், ஊருக்குள் ஒரு பொருளும் வெளியூரில் வேறு பொருளும் தரும் சொல் இருக்கிறதா?
2. “வீட்டு முறுக்கு, ஒரு பெரிய டின்” என்ற விளம்பரத்துக்கு “டின் சின்னதாக இருக்கிறது” என்று விமர்சனம் வந்துள்ளது. பதிலை நான்கு வரியில் எழுதுங்கள். பிறகு தலைப்பையும் மாற்றி எழுதுங்கள்.
3. விமர்சனத்தில் ஒரு குறை உண்மை, இன்னொன்று உண்மை அல்ல என்றால், பொதுப் பதிலில் இரண்டையும் எப்படிச் சொல்வீர்கள்?