துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: நான் தபால் இலாகாவில் போஸ்டல் அசிஸ்டெண்ட். சேமிப்பு வங்கிக் கவுண்ட்டரில் ‘பலமுறை நேர்மை தவறிக் கணக்குகளைக் கையாண்டார்’ என்று 14-ஆம் விதியின்கீழ் சார்ஜ் ஷீட் வந்தது. எந்தக் கணக்கு, எந்தத் தேதி என்பது அதில் இல்லை. குற்றச்சாட்டை மறுத்துப் பதில் கொடுத்துவிட்டேன். இப்போது பூர்வாங்க விசாரணைக்குத் தேதி வந்திருக்கிறது. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவரைத் துணைக்கு அழைத்து வருகிறேன் என்றதற்கு, ‘தனியாகவே வாருங்கள்’ என்று விசாரணை அதிகாரி வாய்மொழியாகச் சொல்கிறார். என் உரிமை என்ன?

பதில்: நீங்கள் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருப்பவை உண்மையில் இருவேறு பிறப்புடைய உரிமைகள். குற்றச்சாட்டு இன்னதென்று அறிவதும், தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புப் பெறுவதும் இயற்கை நீதியிலிருந்தே பிறப்பவை. மத்திய அரசு ஊழியரான உங்களுக்கு அரசியல் சாசனத்தின் 311-ஆவது பிரிவும் அவற்றை உறுதி செய்கிறது. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வதோ விதி கொடுத்தால் மட்டுமே உண்டு; தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், அவருடைய நிலையாணையில் இடமிருக்கிறதா என்று பார்க்காமல் நான் பதில் சொல்லியிருக்க முடியாது. 1960-இல் டாடா லோகோமோட்டிவ் கம்பெனித் தொழிலாளி காளிந்தியின் வழக்கில், இயற்கை நீதி மட்டும் அத்தகைய துணையைத் தந்துவிடாது என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உங்கள் அதிர்ஷ்டம், உங்களுக்கு விதியே இடம் கொடுக்கிறது. 1965-ஆம் ஆண்டு மத்திய சிவில் பணிகள் விதிகளில் 14-ஆம் விதியின் 8-ஆவது உட்பிரிவின்படி, உங்கள் தலைமையிடத்திலோ விசாரணை நடக்கும் ஊரிலோ பணியாற்றும் அரசு ஊழியர் ஒருவரையும், வெளியூரில் இருப்பவரானால் விசாரணை அதிகாரி காரணம் எழுதி அனுமதித்தால் அவரையும், அரசு வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஓய்வுபெற்றவரையும் ‘டிஃபன்ஸ் அசிஸ்டெண்ட்’ ஆக வைத்துக்கொள்ளலாம். பணியில் உள்ளவராயின், அவர் கையில் ஏற்கெனவே மூன்று வழக்குகள் இருக்கக் கூடாது. ஓய்வுபெற்றவருக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு. ஆகவே உங்கள் போஸ்ட்மாஸ்டரிடம் இப்போது எத்தனை வழக்குகள் என்பதை எழுதி வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். வழக்கறிஞரை வைப்பதற்கு மட்டும், இலாகாவின் பிரசென்டிங் ஆபீசர் வழக்கறிஞராக இருக்க வேண்டும், அல்லது ஒழுங்கு நடவடிக்கை அதிகாரி அனுமதிக்க வேண்டும். சுங்க இலாகா ஊழியர் சி. எல். சுப்பிரமணியம் வழக்கில், எதிர்த்தரப்பில் தேர்ந்த போலீஸ் பிராசிகியூட்டர் நின்றிருந்தும் வழக்கறிஞர் வேண்டுமென்ற விண்ணப்பத்தை அதிகாரிகள் முறைப்படி பரிசீலிக்காததால், உச்ச நீதிமன்றம் 1972-இல் அந்த நடவடிக்கையைச் செல்லாததாக்கியது.

இனி, குற்றச்சாட்டைப் பற்றி. ‘பலமுறை நேர்மை தவறினார்’ என்பது பழியேயன்றிக் குற்றச்சாட்டு ஆகாது. இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள கணக்கில், வாடிக்கையாளர் கட்டிய இன்ன தொகையைப் பாஸ் புத்தகத்தில் பதிந்துவிட்டு அன்றைய கணக்கில் வரவு வைக்கவில்லை என்று சொன்னால்தான், அன்று நீங்கள் விடுப்பில் இருந்தீர்களா, அந்தக் கவுண்ட்டரில் வேறொருவர் அமர்ந்திருந்தாரா என்று உங்களால் காட்ட இயலும். சார்ஜ் ஷீட்டோடு குற்ற விவரணமும், ஆவணப் பட்டியலும், சாட்சிப் பட்டியலும் தனித்தனி இணைப்புகளாக வந்திருக்க வேண்டும். தேதி முதலிய விவரங்கள் முதல் இணைப்பில் இல்லாவிடினும் இரண்டாவதான விவரணத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், ஏனெனில் பலர் அதைப் படிக்காமலேயே புகார் சொல்கிறார்கள். அங்கும் இல்லையென்றால், விவரமும், சாட்சிகள் முன்பு கொடுத்த வாக்குமூலங்களின் நகலும், ஆவணங்களின் நகலும் வேண்டுமென்று எழுதிக் கேளுங்கள். 38 சாட்சிகளைக் காட்டிவிட்டு அவர்கள் வாக்குமூலங்களின் நகலை மறுத்த காசிநாத் தீட்சிதர் வழக்கில், பணிநீக்கமே 1986-இல் ரத்தாயிற்று.

கேட்டதற்கும் மறுத்ததற்கும் எழுத்து இல்லாவிட்டால் இவ்வளவும் வீண். உரிமை மறுக்கப்பட்டதென்று மட்டும் சொன்னால் நீதிமன்றம் திருப்தியடையாது; அதனால் உங்கள் எதிர்வாதம் எவ்விதத்தில் கெட்டது என்றும் கேட்கும். அந்த அதிகாரி வாயால் சொன்னதை நாளைக்கே மறுக்கலாம். எனவே விசாரணையன்று போஸ்ட்மாஸ்டரின் சம்மதக் கடிதத்தோடு உங்கள் மனுவைக் கொடுத்து, மறுத்தால் அம்மறுப்பைக் காரணத்தோடு அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பதிய மறுத்தால், கையெழுத்திடும் இடத்தில் உங்கள் ஆட்சேபத்தை நீங்களே எழுதிக் கையெழுத்திடுங்கள். கோபங்கொண்டு விசாரணைக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நீங்கள் இல்லாமலே அது நடக்கும், குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பும் போய்விடும்.

விசாரணை அறிக்கை பாதகமாக முடிந்தாலும், அதன் நகலைக் கொடுத்து, பதிலெழுத உங்களுக்கு 15 நாள் அவகாசம் தந்த பிறகே தண்டனை விதிக்கலாம். அதற்குமுன் உத்தரவு வந்தால், உத்தரவுப் பிரதியோடு உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்; மேல்முறையீட்டுக்கு 45 நாள்தான் காலம்.