நாளையும் போகவில்லை

அன்புள்ள செல்விக்கு,

பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகைக்கு நீ எழுதிய குறிப்பைப் படித்தேன். ராயபுரத்தில் என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் காசிமேட்டு மீன் வாடை வரும். அதனால் இரண்டு முறை படித்தேன் என்று வைத்துக்கொள். ஐந்தே வாக்கியங்கள்:

"தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகமாட்டார்கள். அதனால் அப்பா நேற்றுப் போகவில்லை. இன்றும் போகவில்லை. நாளையும் போகவில்லை. காசிமேட்டை இவ்வளவு அமைதியாக நான் பார்க்கவில்லை."

ஐந்தும் எதிர்மறை. மூன்று இடறுகின்றன. அதில் உன் குற்றம் பாதிதான். மீதி நம் பேச்சின் குற்றம்.

உடன்பாட்டில் தமிழ் காலத்தை வெளிப்படையாகக் காட்டும்: போனார், போகிறார், போவார். 'இல்லை' வந்ததும் இது மாறிவிடுகிறது. 'போக' என்பதில் காலம் கிடையாது. 'இல்லை' என்பதிலும் கிடையாது. இரண்டும் சேர்ந்த 'போகவில்லை' நேற்றுக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும். நான், நீ, அவர், அது என்று யார் வந்தாலும் அதன் விகுதியும் மாறாது. ஆகவே எந்தக் காலம் என்று சொல்லும் பொறுப்பு 'நேற்று', 'இன்று' போன்ற சொற்களுக்கு வந்துவிடுகிறது. உன் இரண்டாம், மூன்றாம் வாக்கியங்களில் அவை இருப்பதால் சரியாக நிற்கின்றன.

நாலாவதில்தான் சிக்கல். "நாளைக்கு நான் போவல" என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறோம். எதிரில் நிற்பவருக்கு அது புரியும். பேச்சில் பிழையும் இல்லை. எழுத்தில் ஆட்களின் எதிர்காலத்துக்குப் பொதுவாக 'மாட்டு' வரும். இது 'இல்லை'யைப் போல அசையாமல் நிற்காது, ஆளைப் பார்த்து வால் மாற்றும்: போகமாட்டேன், போகமாட்டாய், போகமாட்டான், போகமாட்டாள், போகமாட்டார், போகமாட்டார்கள்.

அப்படியானால் "அப்பா நாளையும் போகமாட்டார்" என்று எழுதலாமா? எழுதலாம், இலக்கணம் தடுக்காது. ஆனால் எனக்கு அது ஒட்டவில்லை. 'மாட்டார்' என்றால் பல இடங்களில் மனமில்லாமல் மறுப்பதுபோல் ஒலிக்கும். உன் அப்பா மறுக்கவில்லையே! கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை; மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் அரசு போட்டது. போக ஆசை இருந்தும் கரையில் உட்கார்ந்திருப்பவரை 'போகப்போவதில்லை' என்று எழுதினால் அவர்மேல் பழி விழாது. 'போக முடியாது' என்றால் இன்னும் நேராக இருக்கும். அப்போது 'அப்பா' என்பது 'அப்பாவால்' என்று மாறும் என்பதை மட்டும் மறக்காதே.

இப்போது முதல் வாக்கியத்துக்கு வா. 'மாட்டார்' மறுப்பதுபோல் ஒலிக்கும் என்றேனே, மறுக்கப் படகுக்கு மனம் ஏது? 'போகமாட்டார்கள்' என்று எழுதியபோது உன் கண்முன் படகு இல்லை, அதில் ஏறும் ஆட்கள்தான் இருந்திருக்கிறார்கள். அஃறிணைக்கு 'ஆது' வரும்: படகு போகாது, வலை கிழியாது, மீன் வராது. பழைய நூல்களில் 'மாட்டாது' உண்டு, இன்றைய குறிப்புக்கு வேண்டாம். ஒன்று கவனி: 'படகு போகாது' வழக்கத்தையும் சொல்லும், நாளையையும் சொல்லும், ஆனால் நேற்றைச் சொல்லாது. நேற்றைக்குப் படகும் 'போகவில்லை'தான்.

பன்மையில் கண்டிப்பான இலக்கணம் 'படகுகள் போகா' என்று கேட்கும். பத்திரிகைகளிலேயே 'படகுகள் போகாது' என்று வருகிறது, 'போகா' நம் காதுக்கு முரடாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் நான் 'போவதில்லை' என்று எழுதித் தப்பித்துவிடுவேன். அது ஒருமை பன்மை பார்க்காது. ஒவ்வோர் ஆண்டும் நடப்பதைச் சொல்லவும் அதுவே பொருத்தம்.

கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்தது, ஆனால் நீ நினைத்ததை அது சொல்லவில்லை. 'பார்க்கவில்லை' என்றால் ஏதோ ஒரு நாள் பார்க்கத் தவறினாய் என்று பொருள். பிறந்ததிலிருந்து இன்றுவரை ஒருமுறையும் இல்லை என்பதற்கு 'பார்த்ததில்லை' வேண்டும். 'போவதில்லை'யையும் 'பார்த்ததில்லை'யையும் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டிலும் 'இல்லை' அப்படியே இருக்கிறது. அதற்கு முன்னால் நிற்கும் 'போவது', 'பார்த்தது' என்ற சொற்கள்தான் காலத்தைச் சுமக்கின்றன.

திருத்தியது இது:

"தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அதனால் அப்பா நேற்றுப் போகவில்லை. இன்றும் போகவில்லை. நாளையும் போகப்போவதில்லை. காசிமேட்டை இவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை."

ஆசிரியரிடம் கொடுப்பதற்கு முன் 'நேற்று', 'இன்றும்', 'நாளையும்' மூன்றையும் விரலால் மறைத்துக்கொண்டு ஒருமுறை படி. எந்த வாக்கியம் தன் காலத்தைத் தொலைக்கிறது என்று நீயே கண்டுபிடித்து, திருவொற்றியூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரும்போது எனக்குச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா