பிடிக்கும் கையும் இறங்கும் காலும்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் லாரியிலிருந்து பூசணிக்காய் இறக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? மேலே நிற்பவர் காயைப் போட, கீழே நிற்பவர் அதைப் பிடிக்கிறார். பிடிப்பவரின் கைகளைக் கவனியுங்கள். அவை மார்புக்கு மேலே உயர்ந்து காயைத் தொடுகின்றன. பிறகு காயோடு சேர்ந்தே இடுப்புவரை தாழ்கின்றன. முழங்காலும் சற்று மடங்குகிறது. அதே காய் தரையில் விழுந்தால் பிளந்துவிடும். கைக்கும் தரைக்கும் என்ன வேறுபாடு?

இதற்கு விடை காண, முதலில் ஒரு கிரிக்கெட் பந்தை எடுத்துக்கொள்வோம். அதன் நிறை ஏறத்தாழ 0.16 கி.கி. உயரே அடிக்கப்பட்ட பந்து விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் பிடிப்பவரை நோக்கி வருகிறது என்போம். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். இங்கே அது 0.16 × 25 = 4 கி.கி. மீ./விநாடி. பந்து நிற்க வேண்டுமானால் இந்த உந்தம் முழுவதும் சுழியாக வேண்டும். நியூட்டனின் இரண்டாம் விதிப்படி,

விசை × காலம் = உந்த மாற்றம்.

இடப்புறம் உள்ள பெருக்கலுக்குக் கணத்தாக்கு என்று பெயர். பந்தை எப்படிப் பிடித்து நிறுத்தினாலும் தேவையான கணத்தாக்கு 4 அலகுதான். அதைக் குறைக்க வழியில்லை. ஆனால் அதைக் குறைந்த நேரத்தில் பெரிய விசையாகவும் கொடுக்கலாம், நீண்ட நேரத்தில் சிறிய விசையாகவும் கொடுக்கலாம்.

கையை விறைப்பாக நீட்டிப் பிடித்தால், உள்ளங்கைச் சதை அமுங்கும் 2.5 செ.மீ. தூரத்துக்குள் பந்து நிற்க வேண்டும். வேகம் 25-இலிருந்து சீராகச் சுழிக்குக் குறைவதாகக் கொண்டால், சராசரி வேகம் 12.5 மீ./விநாடி. ஆகவே நிற்க ஆகும் நேரம் 0.025 ÷ 12.5 = 0.002 விநாடி. விசை 4 ÷ 0.002 = 2000 நியூட்டன். இது ஏறத்தாழ 200 கி.கி. எடைக்குச் சமம்! கையைப் பந்தோடு 25 செ.மீ. பின்னுக்கு இழுத்தால் நேரம் பத்து மடங்காகி, விசை 200 நியூட்டனாகக் குறைகிறது. விரல்கள் பந்தைச் சுற்றி மூடவும் அவகாசம் கிடைக்கிறது.

இப்போது பூசணிக்காய்க்கு வருவோம். 5 கி.கி. காய் 1.8 மீட்டர் விழுந்து கையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் (ஈர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொள்க). உந்தம் 30 அலகு. கைகள் 60 செ.மீ. தாழ்ந்தால் நேரம் 0.6 ÷ 3 = 0.2 விநாடி, 30 ÷ 0.2 = 150 நியூட்டன். ஆனால் கணக்கு இத்துடன் முடிவதில்லை. அந்த 0.2 விநாடியிலும் புவி காயைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த 50 நியூட்டன் எடையையும் கைதான் தாங்க வேண்டும். ஆக, கை தரும் விசை 200 நியூட்டன். தேர்வில் மாணவர் பலர் விட்டுவிடுவது இந்த எடையைத்தான். கிரிக்கெட் பந்தின் எடை வெறும் 1.6 நியூட்டன் என்பதால் அங்கே அதைப் புறக்கணித்தோம்.

உயரம் தாண்டுபவர் தம் உடலையே இவ்வாறு நிறுத்தியாக வேண்டும். 60 கி.கி. எடையுள்ள ஒருவர் 1.25 மீட்டர் கீழே விழுந்தால் வேகம் விநாடிக்கு 5 மீட்டர், உந்தம் 300 அலகு. கடினத் தரையில் காலை மடக்காமல் இறங்கி, உடல் 5 செ.மீ. தூரத்தில் நின்றால், எடையையும் சேர்த்து 15,600 நியூட்டன் விசை தாக்கும். எலும்பு முறியலாம். நுரைமெத்தை 50 செ.மீ. அமுங்கிக் கொடுத்தால் விசை 2100 நியூட்டன்தான். அதுவும் முதுகு முழுவதிலும் பரவுகிறது. மணலிலும் மரத்தூளிலும் இறங்கிய காலத்தில் காலூன்றியே இறங்க வேண்டியிருந்தது. நுரைமெத்தை வந்த பிறகே முதுகு கீழாக விழும் முறை பாதுகாப்பாயிற்று. அம்முறையில் தாண்டித்தான் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி தங்கம் வென்றார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றபோதும் அவரைத் தாங்கியது அத்தகைய மெத்தையே.

ஓர் எச்சரிக்கை: நாம் கண்டவை யாவும் சராசரி விசைகள். உண்மையில் விசை ஏறி இறங்கும். அதன் உச்சம் சராசரியைவிட அதிகம். பழைய மெத்தை சட்டென்று அமுங்கி அடித்தளத்தில் இடித்தால், கடைசி நொடியில் விசை திடீரென உயரும். மெத்தையின் மேல் குதிக்கும்போது அடியிலுள்ள தரை உடம்பில் உறைத்தால், அது மாற்ற வேண்டிய மெத்தை.

பயிற்சி: மேற்சொன்ன பந்து விறைத்த கையில் பட்டு, விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் எகிறிவிடுகிறது. தொடு நேரம் 0.002 விநாடி. விசை எவ்வளவு?

விடை: திசைவேக மாற்றம் 25 + 5 = 30. கணத்தாக்கு 4.8 அலகு, விசை 2400 நியூட்டன். பிடித்த பந்தைவிடக் கையில் பட்டுத் தவறிய பந்து அதிகமாக வலிப்பதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?