நெடுவினாவுக்கு மூன்று நிமிடக் குறிப்புச்சட்டம்

ராயப்பன்பட்டியில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தும்போது ஒரு மாதிரித் தேர்வில் கண்ட விடைத்தாள் இது. கு. அழகிரிசாமியின் ‘ஒருவன் இருக்கிறான்’ சிறுகதையில் மனிதத்தை வெளிப்படுத்தும் கதைமாந்தர் குறித்து எழுதுக என்பது வினா. அந்த மாணவி கதையை நன்றாகப் படித்தவள். ஆசிரியரின் ஊர், பெற்ற விருது எனத் தொடங்கி, கதையைத் தொடக்கத்திலிருந்து இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தாள். ஆறுமுகம் என்ற பெயர் வருவதற்குள் நேரம் போய்விட்டது. அடுத்த நெடுவினாவான பொதுக்கட்டுரைக்கு எண் மட்டும் இட்டிருந்தாள், விடை இல்லை.

அவளிடம் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். நான் வகுப்பில் சொன்னது அனைத்தும் அதில் இருந்தது. குறிப்பு கதை நடந்த வரிசையில் இருந்தது, வினாவோ கதைமாந்தர் வரிசையில் கேட்டது. ஒரு வரிசையை இன்னொரு வரிசையாக மாற்றும் வேலையை நான் கற்றுத் தரவில்லை. அந்த வேலையைத்தான் இங்கே பகிர்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு 100 மதிப்பெண், 3 மணி நேரம். எட்டு மதிப்பெண் வினா மூன்று. 180 நிமிடத்தை 100 மதிப்பெண்ணுக்குப் பிரித்தால் எட்டு மதிப்பெண்ணுக்கு 14 நிமிடம் சொச்சம் வருகிறது. அதைப் பதினைந்து எனக் கொள்வோம். திட்டமிட மூன்று, எழுத பதினொன்று, திருப்பிப் பார்க்க ஒன்று. மாணவர் ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் எழுதுகிறார் என்பதை ஒருமுறை வகுப்பிலேயே அளந்து பாருங்கள். 12 சொல் எழுதுபவர் பதினொரு நிமிடத்தில் ஏறத்தாழ 130 சொல்தான் எழுத முடியும். முன்னுரைக்கும் முடிவுரைக்கும் இருபது இருபது சொல் போக, நடுவில் முப்பது சொல் கொண்ட மூன்று பத்திகளுக்கு இடம் இருக்கிறது. இந்த எண்ணைத் தாங்களே கண்டுபிடித்தால், கதை முழுவதையும் எழுத இடம் இல்லை என்பதை மாணவர்கள் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

இனிக் குறிப்பேடு. அந்த மாணவியின் குறிப்பில் ஏழு வரிகள் இருந்தன:

1. கு. அழகிரிசாமி, கரிசல் எழுத்தாளர், 1970இல் ‘அன்பளிப்பு’ தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது.
2. அடுத்த வீட்டுக்கு வந்து தங்கும் நோயாளி குப்புசாமி.
3. கதைசொல்லிக்கு அவன்மீது வெறுப்பு.
4. காஞ்சிபுரத்திலிருந்து ஆறுமுகம் வருகை.
5. வீரப்பன் கொடுத்தனுப்பிய கடிதமும் பணமும்.
6. ஆறுமுகம் தன் பங்காகக் கொடுத்தது.
7. கதைசொல்லியின் மனமாற்றம்.

வினாவைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அது யாருடைய மனிதத்தைக் காட்டுகிறதோ அவர் பெயரின் முதலெழுத்தைப் பென்சிலால் இடச் சொன்னேன். ஐந்தாம் வரிக்கு ‘வீ’. நான்குக்கும் ஆறுக்கும் ‘ஆ’. மூன்றுக்கும் ஏழுக்கும் ‘க’. முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் எழுத்து கிடைக்கவில்லை. அவை இந்த விடைக்கு முன்னுரையில் ஒரே தொடராக வந்தால் போதும். இதற்குத் தயங்கும் பிள்ளைகளிடம் நம் பகுதித் திராட்சைத் தோட்டத்தை நினைவூட்டலாம். கவாத்து செய்யாத கொடியில் இலைதான் மண்டும் என்பது அவர்கள் வீட்டில் தினமும் பேசும் செய்தி.

எழுத்திட்டு முடித்ததும் தேர்வறையில் செய்ய வேண்டியது மூன்று நிமிட வேலை.

முதல் நிமிடத்தில், வினாவுக்கு ஒரே தொடரில் விடை சொல்லிப் பார்க்க வேண்டும். மாணவி சொன்னது இது: “தன்னிடம் இல்லாதபோதும் பிறருக்குக் கொடுப்பவர்களும், அவர்களைப் பார்த்து மனம் மாறுபவரும் இக்கதையில் மனிதத்தைக் காட்டுகிறார்கள்.” முன்னுரையின் கடைசித் தொடராக இதுவே நிற்கும்.

இரண்டாம் நிமிடத்தில் துணைத்தலைப்புகள். ‘வீரப்பன்’, ‘ஆறுமுகம்’ என்று பெயரை மட்டும் எழுதினால் எழுதும்போது மீண்டும் கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பெயரோடு கருத்தும் சேர வேண்டும்: ‘கடன் வாங்கிக் கொடுத்த வீரப்பன்’, ‘அறியாதவருக்கு இரங்கிய ஆறுமுகம்’, ‘வெறுப்பு நீங்கிய கதைசொல்லி’.

மூன்றாம் நிமிடத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் ஒரு நிகழ்வை ஓரிரு சொல்லில் குறிக்க வேண்டும். வீரப்பனுக்குக் கடிதமும் கடன் பணமும். ஆறுமுகத்துக்குத் தன் பங்காகக் கொடுத்த ஒரு ரூபாயும், தன் பிள்ளைகளுக்கென வாங்கியதிலிருந்து எடுத்துத் தந்த சாத்துக்குடியும். கதைசொல்லிக்குக் கடிதத்தைப் படித்த பின் நெஞ்சில் நேர்ந்த மாற்றம்.

இதை எழுதத் தனித்தாள் தேவையில்லை. விடையின் தலைப்பில் கட்டம் போட்டு எழுதும் குறிப்புச்சட்டமே இதுதான். பல மாணவர்கள் எல்லா வினாவுக்கும் முன்னுரை, கதைக்கரு, கதைமாந்தர், முடிவுரை என்ற ஒரே சட்டத்தை மனப்பாடமாக எழுதிவிட்டு, அதைத் திரும்பிப் பார்க்காமலே விடை எழுதுகிறார்கள். அது அலங்காரமாகவே நின்றுவிடுகிறது.

சட்டம் சரியாக அமைந்ததா என்று அறிய இரண்டு சோதனைகள் உண்டு. விடையில் துணைத்தலைப்புகளையும் ஒவ்வொரு பத்தியின் முதல் தொடரையும் மட்டும் பக்கத்து மாணவர் வாசிக்க வேண்டும். வினா என்ன என்று அவரால் சொல்ல முடிந்தால் விடை வினாவைப் பற்றி நிற்கிறது. கதை என்னவென்று மட்டும் சொல்ல முடிந்தால் அது கதைச்சுருக்கம்.

இரண்டாவது, அதே குறிப்புக்கு வேறு வினா கொடுப்பது. ‘கதைசொல்லியின் மனமாற்றத்தை விளக்குக’ என்று கேட்டால், தலைப்புகள் தொடக்கத்தில் இருந்த வெறுப்பு, கடிதம் தந்த அதிர்ச்சி, இறுதியில் உணர்ந்தது என்று மாற வேண்டும். வீரப்பனும் ஆறுமுகமும் இப்போது நடுப்பத்திக்குள் காரணங்களாக மட்டும் வருவார்கள். பழைய தலைப்புகளையே ஒரு மாணவர் மீண்டும் எழுதினால், அவர் திட்டமிடக் கற்கவில்லை, இன்னொரு விடையை மனப்பாடம் செய்திருக்கிறார் என்று பொருள்.

குறிப்பேட்டில் இல்லாத நிகழ்வை இந்த முறை தராது. ஓர் எழுத்துக்கு வரியே கிடைக்கவில்லை என்றால் பாடத்துக்குத் திரும்பிப் படிக்க வைப்பதே வழி. மெல்லக் கற்கும் மாணவர்க்கு இரண்டு துணைத்தலைப்புகள் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு நிகழ்வு இருந்தால் அவரும் முடிவுரைக்கு வந்து சேர்வார். நேரம் குறைந்துவிட்டால், நடக்கும் பத்தியை நீட்டாமல், மீதமுள்ள ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஒரு தொடர் எழுதி முடிவுரையைச் சேர்க்கப் பழக்கலாம். சட்டம் கையில் இருப்பவரால்தான் இப்படிச் சுருக்க முடியும்.

அந்த மாணவிக்கு அதே வினாவை மறு வாரம் பதினைந்து நிமிடத்தில் எழுதக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம்தான் எழுதினாள். மூன்று கதைமாந்தரும் அதில் இருந்தார்கள். மணி அடிக்க இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. ‘சாத்துக்குடி’யில் விட்டுப்போன ஒற்றைப் போட்டுக்கொண்டிருந்தாள்.